வட்டி முடிவு, பட்ஜெட் நாட்களில் ட்ரேடை நிறுத்துவது: முழு நாளா, சில மணி நேரமா, அளவைக் குறைத்தா?

வட்டி அறிவிப்பு, பட்ஜெட் உரை போன்ற நாட்களில் ஒதுங்கி இருப்பது நல்லது என்பதில் ட்ரேடர்களிடையே பெரிய சண்டை இல்லை. எவ்வளவு ஒதுங்குவது என்பதில்தான் குழப்பம். நோ ட்ரேட் காலண்டர் போட உட்காருபவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் வந்து நிற்கிறார்கள்:

- முழு நாள் விடுப்பு: நிகழ்வு நாளில் டெர்மினலையே திறப்பதில்லை.
- நேர வேலி: அறிவிப்புக்குக் கொஞ்சம் முன்பிருந்து கொஞ்சம் பின்பு வரை மட்டும் கையைக் கட்டிக்கொள்வது.
- அளவுக் குறைப்பு: ட்ரேடை நிறுத்தாமல் பொசிஷனின் அளவை மட்டும் சுருக்குவது.

மூன்றுமே பிழைப்புக்கு ஆகும். ஆனால் ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பணத்தைக் கரைக்கும். உங்கள் பொசிஷன் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்பதுதான் இதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் கேள்வி, ஸ்டாப் லாஸ் வேலை செய்யுமா என்பது. சாதாரண நாளில் நீங்கள் போட்ட விலைக்குப் பக்கத்திலேயே வெளியே வந்துவிடலாம். அறிவிப்பு வரும் நொடியில் விலை ஒவ்வொரு படியாக இறங்குவதில்லை, தாவுகிறது. ஆர்டர் புத்தகத்தில் இருப்பவர்கள் முன்கூட்டியே தங்கள் ஆர்டர்களை எடுத்துவிடுவதால் உங்கள் ஸ்டாப் தூண்டப்படும்போது எதிரே ஆள் இருக்க மாட்டார். மார்க்கெட் ஆர்டராக வைத்திருந்தால் எங்கோ ஒரு மோசமான விலையில் முடியும். லிமிட் ஆர்டராக வைத்திருந்தால் விலை அதைத் தாண்டிப் போய்விட்டு, பொசிஷன் கையிலேயே நிற்கும். இரண்டாவது இன்னும் மோசம்.

இரண்டாவது கேள்வியைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள்: ஏற்கெனவே கையில் இருக்கும் பொசிஷனை என்ன செய்வது? "இன்று ட்ரேட் இல்லை" என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் முன்பு வாங்கியதை அப்படியே வைத்திருந்தால் நீங்கள் நிகழ்வுக்கு வெளியே இல்லை, முழுதாக உள்ளேதான் இருக்கிறீர்கள். புதிய ஆர்டரைத் தடுக்கும் காலண்டர் பழைய பொசிஷனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றால் அது பாதிக் காலண்டர். சில வாரங்களுக்கு முன் போட்டு மறந்துபோன லிமிட் ஆர்டர்களும் இதே கணக்கில் சேரும். நீங்கள் டெர்மினலைத் திறக்காவிட்டாலும் அவை நிறைவேறும்.

மூன்றாவது, இழக்கும் வாய்ப்பு. நான்காவது, உங்களால் அந்த விதியை உண்மையிலேயே கடைப்பிடிக்க முடியுமா என்பது.

## முழு நாள் விடுப்பு

இதன் பெரிய பலம் எளிமை. தேதி தெரியும், அன்று கணினியைத் தொடுவதில்லை, முடிந்தது. சந்தை தாறுமாறாக ஆடும் நேரத்தில் திரை முன்னால் உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

தேதிகளைத் திரட்டுவதும் சுலபம். அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் ஆண்டுக்கு 8 முறை திட்டமிட்டுக் கூடுகிறது. ஐரோப்பிய மத்திய வங்கி, இங்கிலாந்து வங்கி, ஜப்பான் வங்கி மூன்றும் வட்டி முடிவுக்காக அதே 8 முறை. இந்திய ரிசர்வ் வங்கியின் நிதிக் கொள்கைக் குழு 6 முறை. எல்லாரும் தேதிகளை முன்கூட்டியே வெளியிட்டுவிடுகிறார்கள்.

சிக்கல், எந்த நாளை அடைப்பது என்பதில் தொடங்குகிறது. ஃபெட் அறிக்கை வாஷிங்டன் நேரப்படி பிற்பகல் 2 மணிக்கு வருகிறது. ஆசியச் சந்தைகளில் ட்ரேட் செய்பவருக்கு அது இரவோ விடிகாலையோ. அமெரிக்கத் தேதியை அப்படியே காலண்டரில் எழுதிக்கொண்டு அன்று பகல் முழுவதும் ஒதுங்கி இருந்து, மறுநாள் காலை சந்தை தாவித் திறக்கும்போது ஆவலாக உள்ளே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடைக்க வேண்டியது மறுநாள் காலையை. முந்தைய நாள் செய்ய வேண்டியது, தூங்கப் போகும் முன் பொசிஷனை முடித்துவிடுவது.

பட்ஜெட்டில் வேறு விதமாகக் கால் வாரும். 2018 பிப்ரவரி 1 அன்று இந்திய பட்ஜெட்டில் பங்குகளின் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 10% வரி மீண்டும் வந்தது. அன்று சந்தை மேலும் கீழும் ஆடிவிட்டு லேசான சரிவோடு முடிந்தது. மறுநாள் சென்செக்ஸ் சுமார் 840 புள்ளிகள் விழுந்தது. அன்று உலகச் சந்தைகளும் பலவீனமாக இருந்தன, பழி முழுவதும் பட்ஜெட்டின் மேல் இல்லை. ஆனாலும் பட்ஜெட் நாளை மட்டும் அடைத்தவர், அது முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் மறுநாள் முழு அளவோடு வந்து நின்றிருப்பார்.

அதனால் முந்தைய நாளையும் மறுநாளையும் சேர்த்து அடைக்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 ரிசர்வ் வங்கி, 8 ஃபெட், 1 பட்ஜெட் என்றால் 15 நிகழ்வு. ஒன்றுக்கு ஒரு நாள் என்றால் ஆண்டின் ஏறக்குறைய 250 வர்த்தக நாட்களில் 6%, பரவாயில்லை. ஒன்றுக்கு மூன்று நாள் என்றால் 45 நாள், 18%. அப்புறம் பணவீக்க எண், வேலைவாய்ப்பு எண் என்று மாதாந்திர அறிவிப்புகளும் ஒவ்வொன்றாகக் காலண்டருக்குள் புகும். இரண்டு நஷ்டத்துக்குப் பிறகு காலண்டர் வீங்குவதும், ஒரு நல்ல நாளைத் தவறவிட்ட பிறகு எல்லாவற்றையும் அழித்துப்போடுவதும் வழக்கமாக நடக்கிற கதை.

இழக்கும் வாய்ப்பும் சின்னதில்லை. 2021 பிப்ரவரி 1 பட்ஜெட் நாளில் சென்செக்ஸ் 5% ஏறியது. ட்ரெண்டைப் பின்தொடர்பவருக்கு அப்படி ஒரு நாள்தான் ஆண்டின் பல சின்ன நஷ்டங்களை ஈடுகட்டும். முந்தைய நாளை அடைப்பதற்கும் விலை உண்டு. லூக்கா, மொயன்ச் என்ற இரு பொருளியலாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 1994 முதல் 2011 வரை திட்டமிட்ட ஃபெட் அறிவிப்புக்கு முந்தைய 24 மணி நேரத்தில் எஸ் அண்ட் பி 500 சராசரியாக அரை சதவீதம் அளவுக்கு ஏறியிருந்தது. அதே போக்கு இனியும் தொடரும் என்று நம்பிப் பணம் போடச் சொல்லவில்லை. ஆனால் நிகழ்வுக்கு முந்தைய நாள் என்றாலே ஆபத்து என்ற எண்ணத்துக்கு அது சான்று தரவில்லை.

## நேர வேலி

காகிதத்தில் இதுதான் அறிவார்ந்த வழி. ஆபத்து இருக்கும் நிமிடங்களை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதி நாளை வைத்துக்கொள்கிறோம். இன்ட்ராடே செய்பவர்களுக்கு நான் சொல்வதும் பெரும்பாலும் இதுதான். ஆனால் வேலியை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதில் தவறு நடந்தால், முழு நாள் விடுப்பைவிட, ஏன் எதுவுமே செய்யாததைவிட, அதிகம் அடி விழும்.

2024 ஜூலை 23 இந்திய பட்ஜெட்டை எடுத்துக்கொள்வோம். காலை 11 மணிக்கு உரை தொடங்கியது. ஒருவர் 10:45 முதல் 11:30 வரை ட்ரேட் இல்லை என்று வேலி போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அரை மணி நேரத்தில் வேலைவாய்ப்பு, விவசாயம், மாநிலங்களுக்கான திட்டங்கள். சந்தை பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அவர் திருப்தியாக 11:30க்கு உள்ளே போகிறார். உரை ஏறக்குறைய 85 நிமிடம் ஓடியது. இந்திய பட்ஜெட் உரை இரண்டு பாகமாக இருக்கும், வரி பற்றிய பேச்சு இரண்டாம் பாகத்தில்தான். அந்தப் பாகத்தில் பங்குகளின் குறுகிய கால ஆதாய வரி 15%இலிருந்து 20% ஆகிறது, நீண்டகால வரி 10%இலிருந்து 12.5% ஆகிறது என்ற அறிவிப்பு வந்தது. ஃபியூச்சர், ஆப்ஷன் மீதான பரிவர்த்தனை வரியும் ஏறியது. சென்செக்ஸ் 1,200 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மீண்டு, நாள் முடிவில் வெறும் 73 புள்ளி இறக்கத்தில் நின்றது.

நாள் முடிவின் எண்ணை மட்டும் பார்த்தால் அன்று ஒன்றுமே நடக்கவில்லை. வேலியை 11:30க்குத் திறந்தவர் அடிபட்டு ஸ்டாப்பில் வெளியே வந்திருப்பார், சந்தை மீண்டபோது கையில் எதுவும் இருந்திருக்காது. வேலி போட்டதே அவரைச் சரியாக மோசமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. நிகழ்வு தொடங்கும் நேரத்தை வைத்து வேலி போடக் கூடாது, கடைசியாகச் செய்தி வரக்கூடிய நேரத்தை வைத்துப் போட வேண்டும்.

வட்டி முடிவுகளிலும் இதேதான். ஃபெட் அறிக்கை 2 மணிக்கு, தலைவரின் செய்தியாளர் சந்திப்பு 2:30க்கு. அறிக்கைக்குச் சந்தை ஒரு பக்கம் ஓடி, சந்திப்பில் ஒரு பதிலுக்கு மறுபக்கம் திரும்புவது அடிக்கடி நடக்கிறது. ஐரோப்பிய மத்திய வங்கியும் இப்படித்தான், ஃபிராங்க்ஃபர்ட் நேரப்படி பிற்பகல் முடிவு 2:15, சந்திப்பு 2:45. இந்திய ரிசர்வ் வங்கியில் ஆளுநர் காலை 10 மணிக்குப் பேசத் தொடங்குகிறார், செய்தியாளர் சந்திப்பு அதன் பிறகு. 2025 ஜூன் 6ஆம் தேதி ஒரே உரையில் மூன்று செய்தி வந்தது: ரெப்போ விகிதம் பலரும் எதிர்பார்த்த 0.25க்குப் பதில் 0.50% குறைந்து 5.50% ஆனது, ரொக்க இருப்பு விகிதம் நான்கு தவணையில் 1% குறைக்கப்படும் என்றார்கள், கொள்கை நிலைப்பாட்டை மட்டும் தளர்விலிருந்து நடுநிலைக்கு மாற்றினார்கள். முதல் இரண்டும் இனிப்பு. மூன்றாவது, இனி குறைக்க அதிக இடமில்லை என்ற குறிப்பு. வங்கிப் பங்குகளுக்கும் நீண்டகாலக் கடன் பத்திரங்களுக்கும் இதில் ஒரே அர்த்தம் இல்லை. முதல் வரியை மட்டும் கேட்டு ஆர்டர் போட்டவர் பாதிச் செய்தியில் ட்ரேட் செய்தவர்.

வேலியை எப்போது திறப்பது? எனக்குக் கடிகாரத்தைவிடத் திரையில் நம்பிக்கை அதிகம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி அன்று காலை இருந்த அளவுக்குத் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். கூடவே, நிகழ்வுக்கு முன் ஐந்து நிமிட கேண்டில் சராசரியாக எவ்வளவு உயரம் இருந்தது என்று குறித்து வையுங்கள். கடைசிச் செய்தி முடிந்த பிறகு தொடர்ந்து மூன்று கேண்டில் அந்த உயரத்தின் இரண்டு மடங்குக்குள் வந்தால் திறக்கலாம். இது என் கைக்கணக்குதான், சட்டம் இல்லை. ஆனால் "12:30 ஆகிவிட்டது, போகலாம்" என்பதைவிட மேல்.

நேரமே தெரியாத நிகழ்வுகளும் உண்டு. ஜப்பான் வங்கி தன் முடிவுக்குக் குறிப்பிட்ட மணி நேரம் வைத்துக்கொள்வதில்லை, கூட்டம் முடிந்ததும் வெளியிடும். 2022 டிசம்பர் 20 அன்று பத்தாண்டுப் பத்திர வட்டி ஏறி இறங்கக்கூடிய வரம்பை 0.25%இலிருந்து 0.50% ஆக்கியபோது யாரும் எதிர்பார்க்கவில்லை, யென் விறுவிறுவென ஏறியது. யென் ட்ரேட் செய்பவருக்கு நேர வேலி என்பது நடைமுறையில் அரை நாள் விடுப்புதான். நேரம் குறித்த நிகழ்வும் முந்தலாம்: 2025 நவம்பர் 26 பிரிட்டிஷ் பட்ஜெட்டில், உரை தொடங்கும் முன்பே பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீட்டு ஆவணம் தவறுதலாக இணையத்தில் கிடைத்துவிட்டது, பத்திரச் சந்தை அப்போதே அசையத் தொடங்கிவிட்டது.

இன்னொரு சின்ன விஷயம். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகின்றன. கடிகாரம் மாற்றாத நாட்டில் இருப்பவர், மார்ச் ஃபெட் கூட்டத்தின் நேரத்தை ஜனவரியில் இருந்த நேரமாகவே எழுதிவைத்தால் ஒரு மணி நேரம் பிந்திவிடுவார். அறிவிப்பு வரும்போது வேலி இன்னும் போடப்பட்டிருக்காது.

## அளவுக் குறைப்பு

சில நாட்கள், சில வாரங்கள் பொசிஷன் வைத்திருப்பவருக்கு மேலே சொன்ன இரண்டுமே பொருந்தாது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் முன்னால் எல்லாவற்றையும் விற்று, பிறகு திரும்ப வாங்கினால் தரகும் வரியும் விலை வித்தியாசமும் சேர்ந்து லாபத்தைத் தின்றுவிடும். அவர் செய்யக்கூடியது அளவைக் குறைப்பது.

பலர் "பாதியாக்கிவிடுவேன்" என்கிறார்கள். ஏன் பாதி என்று கேட்டால் பதில் இருக்காது. ஒரு கணக்கைப் பார்ப்போம். மூலதனம் 100. ஒரு ட்ரேடில் அதிகபட்ச நஷ்டம் 1 என்பது உங்கள் விதி. ஸ்டாப் 0.5% தூரத்தில் என்றால் பொசிஷன் அளவு 200. சாதாரண நாளில் சரி. அறிவிப்பில் விலை மொத்தம் 1.5% தாவி ஸ்டாப்பைத் தாண்டிவிட்டால் நஷ்டம் 3, விதியைப் போல மூன்று மடங்கு. பாதியாக்கி 100 வைத்திருந்தாலும் 1.5 போய்விடும். நஷ்டம் 1க்குள் இருக்க வேண்டுமென்றால் அளவு 66 இருக்க வேண்டும், அதாவது வழக்கமானதில் மூன்றில் ஒரு பங்கு. நிகழ்வுக்கு மேல் கொண்டுபோகும் பொசிஷனின் அளவை ஸ்டாப் தூரத்தை வைத்துக் கணக்கிட முடியாது, எதிர்பார்க்கும் தாவலை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

அந்தத் தாவல் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? ஆப்ஷன் சந்தையைக் கேட்கலாம். குறியீடு 20,000இல் இருக்கிறது, நிகழ்வுக்குப் பின் வரும் மிக அருகிலுள்ள எக்ஸ்பைரியில் 20,000 கால் 160க்கும் புட் 140க்கும் போகிறது என்றால், கூட்டினால் 300, அதாவது 1.5%. எக்ஸ்பைரி நான்கைந்து நாள் தள்ளி இருந்தால் அந்த நாட்களின் சாதாரண அசைவும் இதற்குள் கலந்திருக்கும், எண் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். அதைவிட முக்கியம், இது சந்தையின் நடுத்தரமான எதிர்பார்ப்புதான், உச்ச வரம்பு இல்லை. இதன் இரு மடங்கு போகும் நாட்களும் வரும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு வேறு வகை. தினமும் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பொசிஷனைக் குறைக்கும்போது லாபத்தில் இருப்பதை விற்று நஷ்டத்தில் இருப்பதை வைத்துக்கொள்ளும் ஆசை வரும். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைப்பது என்று முன்பே எழுதிவைத்தால் அந்த ஆசைக்கு இடமிருக்காது.

## பக்கத்தில் பக்கமாக

| | முழு நாள் விடுப்பு | நேர வேலி | அளவுக் குறைப்பு |
|---|---|---|---|
| ஸ்டாப்பைத் தாண்டும் தாவல் | பொசிஷன் இல்லையென்றால் முழுப் பாதுகாப்பு | நேரம் சரியாக இருந்தால் பாதுகாப்பு | நஷ்டம் வரும், அளவோடு வரும் |
| பழைய பொசிஷன் | தனியாக முடிவெடுக்க வேண்டும் | தனியாக முடிவெடுக்க வேண்டும் | விதிக்குள்ளேயே அடங்குகிறது |
| மறைமுகச் செலவு | பெரிய நாட்களை இழப்பது, காலண்டர் வீங்குவது | வேலி சீக்கிரம் திறப்பது | தரகு, கணக்கு வேலை |
| கடைப்பிடிக்க | சுலபம் | திரை முன் பொறுமை வேண்டும் | நடுத்தரம் |
| யாருக்கு | ஆரம்பநிலையில் இருப்பவர், பகுதிநேரம் செய்பவர் | இன்ட்ராடே | ஸ்விங், நீண்டகாலம் |

## ஆப்ஷன் செய்பவர்கள்

இவர்களுக்கு மேலே உள்ள கடைசி வரிசை அப்படியே பொருந்தாது. நிகழ்வுக்கு முன் பிரீமியம் ஊதியிருக்கும், செய்தி வந்ததும் சில நிமிடத்தில் இறங்கிவிடும். வாங்கியவர் திசையைச் சரியாகக் கணித்தும் நஷ்டப்படுவது இதனால்தான். வாங்குபவருக்கு நேர வேலி பயன் தரும், ஊதிய பிரீமியம் வடிந்த பிறகு வாங்கலாம். விற்பவரைக் கவர்வதே அந்த ஊதிய பிரீமியம்தான், அதனால் அவரிடம் ஒதுங்கி இரு என்று சொல்வது எடுபடாது. பாதுகாப்பு இல்லாமல் தனியாக விற்பவர் முழு நாள் விடுப்பு எடுக்கட்டும். தூரத்தில் ஒரு ஆப்ஷனை வாங்கி அதிகபட்ச நஷ்டத்தைக் கட்டிப்போட்டு விற்பவர் அளவுக் குறைப்போடு நிற்கலாம். நிகழ்வுக்கு முன் மார்ஜின் உயர்த்தப்படலாம் என்பதால் கையில் கொஞ்சம் பணம் மிச்சம் வைத்திருப்பது நல்லது.

## காலண்டரில் இல்லாத நாள்

2022 மே 4 அன்று இரவு ஃபெட் முடிவு வரவிருந்தது. அதற்காக மறுநாளை அடைத்துவைத்திருந்த இந்திய ட்ரேடர்கள் அன்று பகலில் வழக்கம்போல இருந்தார்கள். மதியம் 2 மணிக்கு ரிசர்வ் வங்கி ஆளுநர் திட்டமிடாத ஓர் உரையில் ரெப்போவை 0.40% உயர்த்தி 4.40% ஆக்கினார். சென்செக்ஸ் அன்று 1,300 புள்ளிகளுக்கு மேல் இழந்தது. 2015 ஜனவரி 15இல் சுவிஸ் தேசிய வங்கி யூரோவுக்கு எதிராகப் பிடித்துவைத்திருந்த 1.20 என்ற தளத்தை முன்னறிவிப்பின்றிக் கைவிட்டபோது நடந்தது இதைவிடக் கொடூரம். ஸ்டாப்புகள் போட்ட விலைக்கு வெகு தூரத்தில் நிறைவேறின, சில தரகு நிறுவனங்களே திவாலாயின.

முழு நாள் விடுப்பும் நேர வேலியும் இதில் ஒன்றும் செய்ய முடியாது. அளவுக் குறைப்பை நிகழ்வு நாளுக்கு மட்டும் வைத்திருப்பவரும் மாட்டுவார். இரவு தாண்டிப் பொசிஷன் கொண்டுபோகும் எல்லா நாளுக்கும் ஒரு மேல் வரம்பு வைத்திருப்பவர்தான் தப்பிப்பார். அந்த வரம்பை நிகழ்வு நாளுக்குரிய மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறக்க வேண்டியதில்லை. ஆனால் 5% தாவினால் மூலதனத்தில் எவ்வளவு போகும் என்று கணக்கிட்டு, அந்த எண்ணோடு உங்களால் மறுநாளும் ட்ரேட் செய்ய முடியும் என்றால் அதுவே வரம்பு.